நெகடிவ் மதிப்பெண் உள்ள தேர்வுக்கு இரட்டைக் குறிப்பு எழுதும் முறை

"அக்கா, எனக்குக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். தமிழ் மீடியத்தில் படித்தேன். கேரள பி.எஸ்.சி. எல்.டி. கிளார்க் தேர்வுக்குத் தயாராகிறேன். ரேங்க் ஃபைல் புத்தகத்தைப் பார்த்துச் சுருக்கம் எழுதி நோட்டு நோட்டாக நிறைந்துவிட்டது. ஆனாலும் மாடல் தேர்வில் ஒரே மாதிரி இருக்கும் விஷயங்கள் குழம்பி மார்க் நெகடிவில் போகிறது. சுருக்கம் எழுதுவதிலேயே ஏதாவது தப்பா? எப்படி எழுத வேண்டும்?"

ஆமாம் தம்பி, எழுதும் முறையில்தான் கோளாறு இருக்கிறது. பாடத்தின் வரிசையில் முக்கியமானதை எல்லாம் அடிக்கோடிட்டு எடுத்து எழுதுவதைத்தான் நாம் பள்ளியில் சுருக்கம் என்று பழகியிருக்கிறோம். கட்டுரை எழுதும் தேர்வுக்கு அது போதும். நான்கு விடைகளில் ஒன்றைக் கறுப்பாக்கும் தேர்வில், வினாத்தாள் அமைப்பவர் ஒரு உண்மையை எடுத்து அதன் பக்கத்து வீட்டு உண்மைகள் மூன்றை அதனருகே உட்கார வைக்கிறார். பாடப்புத்தகத்தில் பத்துப் பக்கம் தள்ளி இருந்தவை கேள்வியில் அடுத்தடுத்த வரியில் நிற்கும். உங்கள் நோட்டில் அவை தனித்தனிப் பக்கத்தில் இருந்தால், அவற்றைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் முதல் தடவை தேர்வு அறையாகத்தான் இருக்கும். அதை வீட்டிலேயே முடித்துவிட வேண்டும்.

முதலில் கணக்கைப் பாருங்கள். சரியான விடைக்கு 1 மதிப்பெண், தவறுக்கு மூன்றில் ஒரு பங்கு போகும். ஒன்றுமே தெரியாத 12 கேள்விகளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு விடை போட்டால், சராசரியாக 3 சரி, 9 தவறு. மூன்று வந்து மூன்று போய்விடும். லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. இரண்டு விடைகளைத் தள்ளிவிட்டு மீதி இரண்டில் ஒன்றைப் போட்டால் 6 சரி, 6 தவறு. 4 மதிப்பெண் கையில் நிற்கும். அப்படியானால் நெகடிவில் போவது எங்கே? இரண்டு விஷயம் மாறிப் பதிந்துவிட்ட இடத்தில். அங்கே உங்களுக்குச் சந்தேகமே வராது. தைரியமாக, வேகமாக, தவறான விடையைக் கறுப்பாக்குவீர்கள். 12 கேள்விகளில் 10 இப்படிப் போனால் 2 வந்து 3.33 போகும். கண்ணை மூடிப் போட்டவரைவிட நீங்கள் கீழே இருப்பீர்கள், அதுவும் படித்துவிட்டு. அதனால் சுருக்கத்தில் இடம் கொடுக்க வேண்டியது இந்த மாறிப் பதியும் ஜோடிகளுக்குத்தான். மற்றதை ரேங்க் ஃபைலிலேயே படித்துக்கொள்ளலாம், மறுபடி எழுத வேண்டியதில்லை.

இந்த ஜோடிகளைப் பாடத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பாடத்தைப் படிக்கும்போது எல்லாம் தெளிவாகத்தான் தெரியும். பழைய வினாத்தாளை எடுங்கள், பி.எஸ்.சி. தன் இணையதளத்தில் வினாத்தாளையும் இறுதி விடைக்குறிப்பையும் போட்டு வைத்திருக்கிறது. நேரம் வைத்து எழுதுங்கள். எழுதும்போதே ஒவ்வொரு கேள்வி எண் பக்கத்திலும் ஒரு எழுத்து போட்டுவிடுங்கள்: உறுதியாகத் தெரிந்தால் 'உ', இரண்டில் ஒன்று என்று தடுமாறினால் 'இ', தெரியவே தெரியாது என்றால் 'தெ'. திருத்திய பிறகு முதலில் 'உ' போட்டும் தவறான கேள்விகளை மட்டும் தனியாக எடுங்கள். அதில் நீங்கள் போட்ட விடை, சரியான விடை இரண்டையும் ஒரே வரியில் எழுதுங்கள். அதுதான் ஜோடி. சரியான விடையை மட்டும் எழுதி வைத்தால் பயன் இல்லை. எதோடு குழப்பினீர்கள் என்பதுதான் உங்களுக்கு வேண்டிய தகவல், அது ஆளுக்கு ஆள் மாறும். என்னிடம் படிக்க வருகிறவர்களில் ஒருவருக்கு அரசியலமைப்புப் பிரிவு எண்களில் 356-உம் 365-உம் மாறும், இன்னொருவருக்கு அது ஒருநாளும் மாறாது, 358-உம் 359-உம்தான் மாறும். இன்னொருவருடைய நோட்டை ஜெராக்ஸ் எடுத்துப் படிப்பதில் பலன் குறைவாக இருப்பதற்குக் காரணம் இதுதான். 'உ' முடிந்த பிறகு 'இ' போட்டுத் தவறியவற்றை எடுங்கள். 'தெ' கேள்விகளை இந்த நோட்டுக்குள் கொண்டுவர வேண்டாம். அவை படிக்காதவை, குழம்பியவை இல்லை.

சரி, ஒரு பகுதியை எடுத்து முழுவதுமாகச் செய்து காட்டுகிறேன். அரசியலமைப்பில் அவசரநிலைப் பகுதி. ஏன் இது என்றால், எல்லா எண்களும் 352-இலிருந்து 360-க்குள் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன, மூன்று வகை அவசரநிலைக்கும் ஒரே மாதிரி நான்கு கேள்வி கேட்கலாம், பெரும்பாலானவர்களுக்கு இங்கேதான் மார்க் போகிறது.

சாதாரணச் சுருக்கத்தில் இப்படி இருக்கும். 352 தேசிய அவசரநிலை, போர் அல்லது வெளிநாட்டு ஆக்கிரமிப்பு அல்லது ஆயுதக் கிளர்ச்சிக்காக, ஒரு மாதத்துக்குள் இரு அவைகளின் ஒப்புதல், சிறப்புப் பெரும்பான்மை, ஆறு மாதம் ஆறு மாதமாக நீட்டிக்கலாம். 356 மாநிலத்தில் குடியரசுத் தலைவர் ஆட்சி, இரண்டு மாதத்துக்குள் ஒப்புதல், சாதாரணப் பெரும்பான்மை, ஆறு மாதம் ஆறு மாதமாக நீட்டிக்கலாம், அதிகபட்சம் மூன்று ஆண்டு. 360 நிதி அவசரநிலை, இரண்டு மாதத்துக்குள் ஒப்புதல், சாதாரணப் பெரும்பான்மை, கால வரம்பு இல்லை. எல்லாம் சரியான தகவல். ஆனால் இதை இரண்டு வாரம் கழித்து நினைத்துப் பார்த்தால், 'ஒரு மாதம்', 'இரண்டு மாதம்', 'ஆறு மாதம்', 'மூன்று ஆண்டு' என்று நான்கு காலக்கெடு தலைக்குள் மிதக்கும், எது எந்த எண்ணோடு ஒட்டியது என்பது மட்டும் போய்விடும். வினாத்தாள் கேட்பது அந்த ஒட்டைத்தான்.

இதையே வேறு மாதிரி எழுதலாம். மூன்றுக்கும் பொதுவானதை மேலே ஒரு வரியில், நிறம் போடாமல் எழுதுங்கள்: 'மூன்றையும் அறிவிப்பவர் குடியரசுத் தலைவர், மூன்றுக்கும் இரு அவைகளின் ஒப்புதல் வேண்டும், பொதுவாக ஒப்புதலுக்கு இரண்டு மாதக் கெடு, சாதாரணப் பெரும்பான்மை போதும்.' அதன் கீழே விலகி நிற்பதை மட்டும்: '352-க்கு மட்டும் ஒரு மாதம். 352-க்கு மட்டும் சிறப்புப் பெரும்பான்மை.' அடுத்த வரி: '356-க்கு மட்டும் உச்ச வரம்பு, மூன்று ஆண்டு.' அடுத்த வரி: '360-க்கு மட்டும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறு ஒப்புதல் வேண்டாம், இதுவரை அறிவிக்கப்படவே இல்லை.' நிறம் போட வேண்டியது 'மட்டும்' என்ற சொல்லுக்குப் பின்னால் வரும் துண்டுக்கு மட்டும்தான். ஒரு டஜன் தகவல் நான்கு விலகலாகச் சுருங்கிவிட்டது. விலகல் நினைவில் இருந்தால் மீதி எல்லாம் பொது வரியிலிருந்து தானாக வரும். '356-க்கு ஒப்புதல் எத்தனை மாதத்தில்?' என்று கேட்டால் நீங்கள் 356-ஐத் தேட வேண்டாம். ஒரு மாதம் 352-க்கு மட்டும், அதனால் இது இரண்டு என்று வந்துவிடலாம்.

இதற்கு மேல் ஒரு படி இருக்கிறது, அதை நான் விடவே மாட்டேன்: 352 ஏன் விலகி நிற்கிறது என்ற காரணம். 1975 ஜூன் 25 அன்று அறிவிக்கப்பட்ட அவசரநிலைக்குச் சொல்லப்பட்ட காரணம் உள்நாட்டுக் குழப்பம். 1977 மார்ச்சில் அது விலக்கிக்கொள்ளப்பட்டு, ஆட்சி மாறி, 1978-இல் 44-வது திருத்தம் வந்தது. மறுபடி அப்படி நடக்கக் கூடாது என்று 352-ஐத்தான் இறுக்கினார்கள். 'உள்நாட்டுக் குழப்பம்' என்ற காரணத்தை எடுத்துவிட்டு 'ஆயுதக் கிளர்ச்சி' என்று வைத்தார்கள். இரண்டு மாதக் கெடுவை ஒரு மாதம் ஆக்கினார்கள். சாதாரணப் பெரும்பான்மையைச் சிறப்புப் பெரும்பான்மை ஆக்கினார்கள். அமைச்சரவையின் முடிவு எழுத்தில் வர வேண்டும் என்றார்கள். ஆக, 'எது கடுமையானதோ அது 352' என்ற ஒரே நூலில் நான்கு தகவல் கோர்க்கப்பட்டுவிடுகிறது. குறிப்பின் ஓரத்தில் '44, 1978, இறுக்கம்' என்று மூன்று சொல் எழுதினால் போதும். ராகம் போட்டு மனப்பாடம் செய்யும் குறுக்குவழிகளைவிட காரணம் அதிக நாள் நிற்கும், ஏனென்றால் மறந்தாலும் யோசித்து மீட்டுக்கொள்ளலாம்.

அடுத்தது 358-உம் 359-உம். இரண்டுமே அவசரநிலைக் காலத்தில் அடிப்படை உரிமைகள் என்ன ஆகும் என்பதைப் பற்றியவை, எண்களும் அடுத்தடுத்தவை. இதைவிடக் குழப்பமான ஜோடி இந்தப் பகுதியில் இல்லை. 358 பிரிவு 19-ஐப் பற்றி மட்டும் பேசுகிறது. அவசரநிலை அறிவிக்கப்பட்டதும் தனி உத்தரவு எதுவும் இல்லாமல் 19-இன் பாதுகாப்பு நின்றுவிடும். ஆனால் போர், வெளிநாட்டு ஆக்கிரமிப்பு ஆகிய காரணங்களுக்காக அறிவித்திருந்தால் மட்டும்தான், ஆயுதக் கிளர்ச்சிக்கு அது பொருந்தாது. 359-இல் எதுவும் தானாக நடக்காது. குடியரசுத் தலைவர் தனியாக உத்தரவு போட வேண்டும். அந்த உத்தரவில் எந்த உரிமைகள் குறிப்பிடப்படுகின்றனவோ அவற்றுக்காக நீதிமன்றம் போகும் உரிமைதான் நிறுத்தப்படும், 20-ஐயும் 21-ஐயும் தொடவே முடியாது. 359-க்கு அவசரநிலையின் காரணம் எதுவானாலும் சரி.

குறிப்பில் இதை எப்படி எழுதுவது? நோட்டுத் தாளை நடுவில் மடித்து இடப்பக்கம் 358, வலப்பக்கம் 359 என்று போடுங்கள். எதிரெதிரே மூன்று வரி. இடப்பக்கம் 'தானாக', வலப்பக்கம் 'உத்தரவால்'. இடப்பக்கம் '19 மட்டும்', வலப்பக்கம் '20, 21 தவிர'. இடப்பக்கம் 'கிளர்ச்சிக்கு இல்லை', வலப்பக்கம் 'எல்லாவற்றுக்கும்'. இவ்வளவுதான். வாக்கியம் வேண்டாம். ஒரு வரியின் இரண்டு பக்கமும் ஒரே நீளத்தில், ஒரே வகைச் சொல்லாக இருக்க வேண்டும். இடது பக்கத்தில் ஆண்டும் வலது பக்கத்தில் ஆளின் பெயரும் எழுதினால் அது ஒப்பீடே இல்லை, இரண்டு தனித்தனிக் குறிப்புகள் ஒரே தாளில் கிடக்கின்றன என்று அர்த்தம். அந்த வரிக்கு எதிர்ப்பக்கம் எழுத எதுவும் இல்லை என்றால் அந்த வரியே தேவை இல்லை.

நிறத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இங்கேதான் நிறைய நோட்டுகள் கெட்டுப்போகின்றன. ஹைலைட்டரைத் தலைப்புக்கும் எண்ணுக்கும் போடாதீர்கள். தலைப்பு உங்கள் கண்ணில் படாமல் போகப்போவதில்லை. மஞ்சள் பட வேண்டியது இரண்டையும் பிரிக்கும் ஒரு சொல்லில். ஒரு வரிக்கு ஒரு துண்டு. எழுதி முடித்துத் தாளைக் கை தூரத்தில் பிடித்துப் பாருங்கள். பாதித் தாள் மஞ்சளாக இருந்தால் நீங்கள் வேறுபாட்டை இன்னும் கண்டுபிடிக்கவில்லை, முக்கியமானதைத்தான் குறித்திருக்கிறீர்கள். அப்படிப்பட்ட தாளைத் திருத்த முயல வேண்டாம், புதிதாக எழுதிவிடுங்கள்.

இந்த முறையில் ஒரு பெரிய ஆபத்தும் உண்டு. இரண்டும் புதிதாக இருக்கும்போது ஒரே நாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், முன்பு இல்லாத குழப்பத்தை நாமே உண்டாக்கிக்கொள்வோம். 'ஒன்று தானாக, இன்னொன்று உத்தரவால்' என்பது மட்டும் பளிச்சென்று பதியும், எது எது என்பது பதியாது. அதனால் ஜோடியில் ஒன்றை முதலில் தனியாகப் படித்து, சில நாள் கழித்தும் தடுமாறாமல் சொல்ல வருகிறதா என்று பார்த்து, அப்புறம்தான் மற்றதை அதிலிருந்து விலகுவதாகச் சேர்க்க வேண்டும். மேலே உள்ள ஜோடியில் நான் 358-ஐத்தான் முதலில் பிடிப்பேன், அது பிரிவு 19 ஒன்றைப் பற்றியது மட்டும் என்பதால். 358, 19, தானாக. இது உறுதியானால் 359 பற்றிய கேள்விக்குப் பாதி விடை வந்துவிடும். தேர்வுக்கு இரண்டு வாரம்தான் இருக்கிறது, இரண்டுமே புதிது என்றால் ஒன்றை மட்டும் படியுங்கள். ஒன்று உறுதியாகத் தெரிந்தவர் மற்றதை விலக்கி விடை போடலாம். இரண்டும் அரைகுறையாகத் தெரிந்தவருக்கு அது முடியாது.

எல்லா ஜோடிக்கும் வேறுபாடு எண்ணில் இருக்காது. நம் பக்கத்துப் பிள்ளைகள் அதிகம் தவறும் ஓர் இடம் கேரள மறுமலர்ச்சிப் பகுதியில் வைக்கம், குருவாயூர் சத்தியாக்கிரகங்கள். வைக்கம் 1924 முதல் 1925 வரை, குருவாயூர் 1931 முதல் 1932 வரை என்று ஆண்டை மட்டும் எழுதி மஞ்சள் போட்டிருப்பார்கள். ஆண்டு கேட்டால் சரியாகச் சொல்வார்கள். ஆனால் 'கோயிலைச் சுற்றியுள்ள சாலைகளில் நடக்கும் உரிமைக்காக நடந்தது எது?' என்று வந்தால் தடுமாறுவார்கள். வைக்கத்தில் கேட்டது கோயிலைச் சுற்றியுள்ள சாலையில் நடக்கும் உரிமை. குருவாயூரில் கேட்டது கோயிலுக்குள்ளேயே நுழையும் உரிமை. பெரியார் சிறை சென்ற போராட்டம் என்று சின்ன வயதிலிருந்தே வைக்கத்தை அறிந்தவர்கள் நாம். அதனாலேயே அதைக் கோயில் நுழைவுப் போராட்டம் என்று பொதுவாக நினைத்து வைத்திருக்கிறோம். பழகிய விஷயத்தில் சந்தேகம் வராது என்பதால் அங்கே 'உ' போட்டுத் தவறுகிறோம்.

அந்த ஜோடியிலேயே இன்னொரு கண்ணி இருக்கிறது. கே. கேளப்பன் இரண்டிலும் வருகிறார். வைக்கத்தில் டி.கே. மாதவன், கே.பி. கேசவ மேனன் போன்றவர்களோடு அவரும் கலந்துகொண்டார். குருவாயூரில் உண்ணாவிரதம் இருந்தவர் அவர்தான். பொதுவான பெயர் ஒரு ஜோடிக்குள் இருந்தால் அதை நிறம் போடாமல் மேலே பொது வரியில் எழுதிவிடுங்கள். அப்போதுதான் 'கேளப்பன்' என்று கேள்வியில் பார்த்ததும் ஒன்றின் மேல் பாய மாட்டீர்கள். அந்தப் பெயர் பிரிக்காது, வேறு துப்பு தேட வேண்டும் என்று தெரியும். தொண்டர் படைத் தலைவராக ஏ.கே. கோபாலன் இருந்தது குருவாயூரில் மட்டும், அதனால் அவர் பெயர் பிரிக்கும். அதோடு 1936 நவம்பர் 12 அன்று வந்த கோயில் நுழைவுப் பிரகடனம் திருவிதாங்கூருக்கு உரியது. குருவாயூர் அப்போது மலபாரில், பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ் இருந்ததால் அந்தப் பிரகடனம் அங்கே செல்லவில்லை. வைக்கம் திருவிதாங்கூரில் இருந்தது. இந்த ஒரு எல்லைக்கோடு தெரிந்தால் நான்கைந்து கூற்றுக் கேள்விகளில் தப்பிக்கலாம்.

மூன்றாவது வகை, கேள்வியின் வினைச்சொல் மட்டும் மாறுவது. நமக்குப் பக்கத்திலேயே இருக்கும் சைலன்ட் வேலியைப் பாருங்கள். தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது 1984. ராஜீவ் காந்தி முறைப்படி தொடங்கி வைத்தது 1985. இரண்டு ஆண்டும் விடைகளில் இருக்கும். ஒருவர் ஒரு ஆண்டை மட்டும் மனப்பாடம் செய்திருந்தால் கேள்வியை முழுக்கப் படிக்காமலே அதைக் கறுப்பாக்கிவிடுவார். இங்கே குறிப்பில் மஞ்சள் பட வேண்டியது ஆண்டில் இல்லை. 'அறிவிப்பு', 'தொடக்கம்' என்ற சொற்களில். சட்டங்களிலும் இதே கதைதான்: அரசியலமைப்பு ஏற்றுக்கொள்ளப்பட்டது 1949 நவம்பர் 26, நடைமுறைக்கு வந்தது 1950 ஜனவரி 26. இந்த வகை ஜோடிகளுக்குத் தனிப் பக்கம் ஒதுக்கினால், தேர்வில் கேள்வியின் கடைசிச் சொல்வரை படிக்கும் பழக்கமும் கூடவே வந்துவிடும்.

எழுதி முடித்தபின் அந்தத் தாளை வாசித்துக்கொண்டே இருக்காதீர்கள். வாசிக்கும்போது எல்லாமே தெரிந்த மாதிரி இருக்கும். மடித்த தாளில் ஒரு பக்கத்தை மூடிக்கொண்டு மற்றப் பக்கத்தைச் சொல்லுங்கள், பிறகு பக்கம் மாற்றிச் சொல்லுங்கள். '358-இல் எந்தப் பிரிவு?' என்று கேட்டால் சொல்லிவிட்டு, '19 தானாக நிற்பது எந்தப் பிரிவின்படி?' என்று திருப்பிக் கேட்டால் விழிப்பவர்கள் நிறைய. வினாத்தாள் எந்தப் பக்கமிருந்து வரும் என்று நமக்குத் தெரியாது. பல ஜோடிகளைக் கலைத்துப் போட்டுக் கேட்டுக்கொள்வது இன்னும் நல்லது. ஒரே பகுதியை வரிசையாகக் கேட்டால் முந்தைய விடையே அடுத்த விடைக்குத் துப்புக் கொடுத்துவிடும். தங்கையிடமோ வீட்டில் வேறு யாரிடமோ நோட்டைக் கொடுத்து, தோன்றிய பக்கத்தைத் திறந்து கேட்கச் சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ரேங்க் ஃபைலில் ஒரு விடையும் இன்னொரு புத்தகத்தில் வேறு விடையும் இருக்கும் இடங்கள் உண்டு. அவற்றை ஜோடியாக எழுதி வைக்காதீர்கள், அது குழப்பம் இல்லை, ஏதோ ஒன்று பிழை. பி.எஸ்.சி. முதலில் தற்காலிக விடைக்குறிப்பு வெளியிட்டு, ஆட்சேபணைகளைப் பார்த்த பிறகு இறுதி விடைக்குறிப்பைப் போடும். இறுதிக் குறிப்பு எதைச் சொல்கிறதோ அதை மட்டும் எழுதுங்கள். கணக்கு, மனத்திறன், ஆங்கிலப் பகுதிகளுக்கு இந்த நோட்டு வேண்டாம். அங்கே தவறு வருவது வேறு காரணத்தால், அதற்குப் பயிற்சிதான் வழி.

தேர்வு அறையில் என்ன செய்வது என்பதற்கு உங்கள் மாடல் தேர்வுகளே பதில் சொல்லும். 'இ' போட்ட கேள்விகளை மட்டும் எண்ணி, அதில் எத்தனை சரி என்று ஒவ்வொரு தேர்விலும் பக்கவாட்டில் எழுதி வாருங்கள். நான்கில் ஒன்றுக்கு மேல் சரியாக வந்தால் விடை போடுவது லாபம், அதற்குக் கீழே என்றால் விட்டுவிடுவது லாபம். 12-இல் 5 சரி என்றால் 5 வந்து 2.33 போகும், 2.67 மிச்சம், இதை எல்லாம் பயத்தில் விட்டுவந்தால் ரேங்க் லிஸ்டில் எத்தனையோ பேருக்குப் பின்னால் போய்விடுவீர்கள். பாடத்துக்குப் பாடம் இது மாறும் என்பதால் தனித்தனியாக எண்ணுங்கள். அரசியலமைப்பில் உங்கள் 'இ' பாதிக்கு மேல் சரியாக வரலாம், மறுமலர்ச்சியில் ஐந்தில் ஒன்றுகூடத் தேறாமல் போகலாம். அப்படியானால் முதலாவதில் துணிந்து போடுங்கள், இரண்டாவதில் கையை எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அதிகம் வரும் கூற்றுக் கேள்விகளுக்கு மட்டும் இந்தக் கணக்கைக் கொஞ்சம் கவனமாகப் பார்க்க வேண்டும். மூன்று கூற்று கொடுத்து எவை சரி என்று கேட்கும்போது, ஒரு கூற்றில் ஜோடியை மாற்றி வைத்திருப்பார்கள். 'நிதி அவசரநிலைக்கு ஒரு மாதத்துக்குள் ஒப்புதல் தேவை' என்பது போல. உங்களுக்கு மீதி இரண்டும் தெரிந்திருந்தாலும் இந்த ஒன்றால் முழு விடையும் போகும். அதனால் கூற்றுக் கேள்வியில் முதலில் எண்ணோ கெடுவோ 'மட்டும்' என்ற சொல்லோ வரும் கூற்றைப் பாருங்கள். பெரும்பாலும் மாற்றப்பட்டது அதுதான். அது சரியா தவறா என்று உறுதியானால் நான்கு விடைகளில் சில உடனே விழுந்துவிடும். உறுதியாகவில்லை என்றால் அடுத்த கேள்விக்குப் போய்விட்டுத் திரும்பி வாருங்கள்.

இதற்காகப் புது நோட்டு எதையும் இப்போதே வாங்கிவிட வேண்டாம். கடைசியாக எழுதிய இரண்டு மாடல் தேர்வுகளை எடுத்து, உறுதியாக நினைத்துத் தவறியவற்றை மட்டும் பிரித்துப் பாருங்கள். பெரும்பாலும் இருபதுக்குள்தான் தேறும், அவற்றிலும் பல ஒரே ஜோடியின் வெவ்வேறு முகங்களாக இருக்கும். அவற்றிலிருந்து தொடங்குங்கள். கலைத்துப் போட்ட சோதனைகளில், இடைவெளி விட்டு மூன்று முறை தவறாமல் வந்த ஜோடியின் மேல் கோடு போட்டு அடித்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். அவசரநிலைத் தாளை எழுதிய பிறகு எங்காவது சிக்கினால் அந்த ஜோடியை இங்கேயே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.